சந்தை வளர்ச்சிக் கணக்கு அரைகுறையாக இருக்கும்போது அப்பளத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது?

கல்லிடை அப்பளவீடு

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் அம்மா நடத்திவந்த அப்பளத் தொழிலை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சரக்கு மூன்று: உளுந்து அப்பளம், சிறுதானிய அப்பளம், கூழ் வடகம். அப்பளம் காயவைக்கும் டிரையர் வாங்க 6 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். திட்ட அறிக்கை எழுதித் தருபவர், பிசிஜி மேட்ரிக்ஸ் போட்டு எந்தச் சரக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டினால் வங்கியில் எடுபடும் என்றார். சந்தை வளர்ச்சி ஓர் அச்சு, சந்தையில் நம் பங்கு இன்னோர் அச்சு, ஆக நான்கு கட்டம்: இரண்டும் உயர்வு என்றால் நட்சத்திரம், பங்கு மட்டும் உயர்வு என்றால் கறவை மாடு, வளர்ச்சி மட்டும் உயர்வு என்றால் கேள்விக்குறி, இரண்டும் தாழ்வு என்றால் நாய்.

பங்குக் கணக்கு எனக்குப் பெரிய சிரமமில்லை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி டவுன், பாளை என்று நான் போடும் கடைகளில் யார் சரக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். வளர்ச்சிதான் இடிக்கிறது. இணையத்தில் கிடைத்த அகில இந்திய அறிக்கைகளின் சுருக்கத்தைப் பார்த்தேன். சிறுதானியத் தின்பண்டத்துக்கு ஒன்று ஒரு சதவீதம் சொல்கிறது, இன்னொன்று அதில் பாதி சொல்கிறது. அப்பளத்துக்குத் தனியாக ஒன்றும் உருப்படியாக இல்லை. கிடைத்ததை வைத்துப் போட்டதில் மூன்றும் நட்சத்திரக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. அம்மா பார்த்துவிட்டு, "அப்படின்னா நமக்கு எதுக்கு கடன்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மேலரதவீதி

இதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. வளர்ச்சிக்குக் கோடு 10 சதவீதம், அதற்கு மேலே போனால் உயர்வு, கீழே போனால் தாழ்வு. பங்கு என்பது மொத்தச் சந்தையில் உங்கள் சதவீதம். தரவு இல்லாத வருடங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள வருடங்களின் சராசரியைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். கல்லூரியில் இப்படித்தான் செய்தோம். வங்கிக்கு இது போதும்.

சும்மா வந்தவன்

உங்கள் கடை விற்பனை வருடத்துக்கு எவ்வளவு கூடியது என்பதுதானே வளர்ச்சி? அது உங்கள் ஜிஎஸ்டி கணக்கிலேயே இருக்குமே. இதற்கு ஏன் அகில இந்தியா வரை போகணும்?

கணக்குப்பிள்ளை

தங்கச்சி, நான் 20 வருடத்துக்கு மேல் ஒரு நுகர்பொருள் கம்பெனியில் விற்பனைத் திட்டம் பார்த்தவன். இப்போது பாளையில் சும்மா இருக்கிறேன். மூன்றும் நட்சத்திரமானதற்குக் காரணம் ஒன்றுதான். பங்கைக் கணக்கிட எடுத்த சந்தை நீங்கள் சரக்கு போடும் சில கடைகள். வளர்ச்சிக்கு எடுத்தது இந்தியா முழுவதும். ஒரு தராசில் இந்தத் தட்டில் கல்லிடைக்குறிச்சியையும் அந்தத் தட்டில் தேசத்தையும் வைத்தால் முள் எங்கே நிற்கும்? இரண்டு அச்சுக்கும் சந்தை ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியா என்றால் பங்கும் இந்தியா, அங்கே நீங்கள் தூசி. கடைகள் என்றால் வளர்ச்சியும் அந்தக் கடைகளிலிருந்தே வர வேண்டும்.

மேலரதவீதி தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். இந்தக் கட்டத்தில் பங்கு என்பது மொத்தத்தில் சதவீதம் அல்ல. உங்கள் விற்பனையை உங்களை விட்டு அடுத்த பெரிய போட்டியாளரின் விற்பனையால் வகுத்தால் வருவது. அது ஒன்றுக்கு மேல் என்றால் உயர்வு, கீழே என்றால் தாழ்வு. 1970இல் புரூஸ் ஹெண்டர்சன் எழுதியபோதே, பெரியவனுக்குச் செலவு குறையும் என்ற அடிப்படையில்தான் எழுதினார். 28 சதவீதம் வைத்திருந்தாலும் பக்கத்துக் கடைக்காரன் 40 வைத்திருந்தால் செலவில் அவன் கைதான் ஓங்கும்.

சும்மா வந்தவன் தம்பி, சொந்த விற்பனை வளர்ச்சியை மேலே போட்டால் ஒரே விஷயத்தை இரண்டு தரம் எண்ணியதாகிவிடும். சந்தை தேங்கிக் கிடக்க, நாம் அடுத்தவர் பங்கைப் பிடுங்கி வளர்ந்திருக்கலாம்.

சர்க்கார் கணக்கை நம்பியும் பிரயோசனமில்லை. வருடாந்திரத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறையாமல் ஆட்கள் வேலை செய்யும் பதிவுபெற்ற தொழிற்சாலைகளைத்தான் தொடும். வீட்டுக்கு மாவு கொண்டுபோய்த் தேய்த்துக் கொடுக்கும் பெண்கள் அதில் வரமாட்டார்கள். அப்பளத்துக்கு வரி இல்லாததால் ஜிஎஸ்டியிலும் சின்ன ஆட்கள் பதியாமலே இருப்பார்கள். வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் அப்பளத்தை மிக்சர், நம்கீனோடு சேர்த்து ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய திருநெல்வேலிக் கணக்கையும் இப்போதையதையும் நேராக ஒப்பிட முடியாது.

ஆகவே கடை நோட்டுதான் ஒரே வழி. கடைக்காரர்கள் பழைய நோட்டு வைத்திருக்கிறார்களா?

பத்தமடைப் பாய்

எங்களுக்கும் இதே கதை. கோரைப் பாய் சந்தை சுருங்குகிறது, நாங்கள் அதில் பெரிய ஆள். அப்படியென்றால் கறவை மாடா, நாயா? பிளாஸ்டிக் பாயையும் சேர்த்து எண்ணினால் எங்கள் பங்கு காணாமலே போகிறது. கல்யாணப் பட்டுப்பாயை மட்டும் எடுத்தால் நாங்கள் ராஜா. இதற்கு யாரும் நேரடியாகப் பதில் சொன்னதில்லை.

கணக்குப்பிள்ளை

பத்தமடை நண்பரே, வாங்குபவர் கடையில் நின்று எதையெல்லாம் பக்கத்தில் வைத்துத் தேர்வு செய்கிறாரோ அதுதான் ஒரு சந்தை. கல்யாணத்துக்குப் பெயர் நெய்த பாய் வாங்குபவர் பிளாஸ்டிக் பாயைப் புரட்டிப் பார்ப்பதில்லை. படுக்க வாங்குபவர் பார்ப்பார். அப்படியானால் உங்களிடம் இருப்பது இரண்டு சரக்கு, இரண்டு புள்ளி. மற்றதைத் தனி இழையில் பேசுவோம்.

கல்லிடை அப்பளவீடு

அண்ணாச்சி, நோட்டு கேட்டு ஒரு வாரம் அலைந்தேன். மொத்தம் 14 கடை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு கடைகளின் நோட்டு நனைந்து போய்விட்டது. இரண்டும் சின்னக் கடைகள், விட்டுவிட்டேன். மீதி 12இல் 2022 ஆவணியும் 2025 ஆவணியும் முழுதாக இருக்கின்றன. நடுவில் ஓட்டை உடைசல். என் சரக்கு ஏறக்குறைய எல்லாமே இந்த 12 வழியாகத்தான் போகிறது.

உளுந்து அப்பளம், எல்லார் சரக்கும் சேர்த்து: 2022 ஆவணியில் கடைகள் கொள்முதல் செய்தது 4 லட்சம் ரூபாய்க்கு, 2025 ஆவணியில் 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கு. வருடக் கூட்டு வளர்ச்சி போட்டால் 12 சதவீதம் வருகிறது. அதில் என்னுடையது மாதம் 600 கிலோ, எனக்கு அடுத்தவர் 420 கிலோ. 600 ஐ 420 ஆல் வகுத்தால் 1.43. ஆக நட்சத்திரம் என்பது நிஜம்தானே?

கணக்குப்பிள்ளை

ஆவணியை ஆவணியோடு ஒப்பிட்டது நல்லது. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் பந்தி போடும். ஆங்கில மாதத்தை வைத்து ஜூலையோடு செப்டம்பரை ஒப்பிட்டிருந்தால் அப்பளச் சந்தை இரண்டே மாதத்தில் பொங்கிவிட்டது போலத் தெரியும். 2024 ஜனவரியை அடிப்படையாக எடுக்காததும் புத்திசாலித்தனம். வெள்ளத்துக்குப் பிறகு கடையே திறக்காத நாட்கள் அதில் இருக்கும். அதிலிருந்து எண்ணினால் எந்தச் சரக்கும் வளர்ந்ததாகவே வரும்.

ஆனால் 12 சதவீதம் எதன் வளர்ச்சி? ரூபாயின் வளர்ச்சியா, அப்பளத்தின் வளர்ச்சியா? இரண்டு ஆவணியிலும் கிலோ கொள்முதல் விலை என்ன?

கல்லிடை அப்பளவீடு

2022இல் கிலோ 200, இப்போது 260. உளுந்து விலை ஏறியதால் எல்லாரும் ஏற்றினோம்.

கணக்குப்பிள்ளை

சரி, கிலோவுக்கு மாற்றிப் பார்ப்போம். 4 லட்சத்தை 200 ஆல் வகுத்தால் 2000 கிலோ. 5 லட்சத்து 60 ஆயிரத்தை 260 ஆல் வகுத்தால் 2154 கிலோ. மூன்று வருடத்தில் கூடியது 154 கிலோ. ஷீட்டில் இப்படிப் போடலாம், B1இல் பழைய கிலோ, B2இல் புதிய கிலோ:

```
=(B2/B1)^(1/3)-1
```

இரண்டரை சதவீதம் வரும். ரூபாயில் நட்சத்திரமாக இருந்தது கிலோவில் கறவை மாடாகிவிட்டது. இந்தக் கட்டத்துக்குக் கிலோதான் வேண்டும். வளர்ச்சி அச்சு எதற்கு இருக்கிறது என்றால், சந்தையோடு சேர்ந்து ஓட எவ்வளவு பணம் போட வேண்டியிருக்கும் என்று காட்டத்தான். கூடுதல் முற்றம், கூடுதல் ஆள், கூடுதல் இயந்திரம் எல்லாம் கிலோவுக்கு வேண்டும், விலைக்கு வேண்டாம்.

இன்னொரு வேலை செய்யுங்கள். 12 கடையில் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு மீதி 11 கடைக்கு இதே கணக்கைப் போடுங்கள். ஒரு பெரிய கடை வந்து முடிவையே இழுத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

மேலரதவீதி

அண்ணாச்சி, விலைக்குப் பணம் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. உளுந்து மூட்டை விலை ஏறினால் அதே 600 கிலோவுக்கு அதிகப் பணம் முடக்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாதக் கடன் கேட்பார். கறவை மாடு என்று எழுதிவிட்டு, மாடு பால் தராமல் தவிடு கேட்டால்?

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி, தம்பி. சரக்கிலும் கடனிலும் முடங்கும் பணம் விலையோடு ஏறும் என்பது நிஜம். ஆனால் விலை ஏற்றத்தைக் கடைக்கு மாற்றிவிட முடிந்தால் அது ஒரு தரம் முடங்கும் பணம், வருடா வருடம் புதுக் கொட்டகை கட்டுவது போல அல்ல. மாற்ற முடியாவிட்டால் அது லாபப் பிரச்சினை. அதை இந்தக் கட்டம் காட்டாது. தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மேலரதவீதி

முழுதாக உடன்பாடில்லை. சின்னத் தொழிலில் முடங்கும் பணம்தான் ஆளைச் சாய்க்கும். இப்போதைக்கு விடுகிறேன்.

கல்லிடை அப்பளவீடு

ஒவ்வொரு கடையாக விட்டுப் பார்த்தேன். உளுந்துக்குக் குறைந்தது 1, கூடினது 4. டவுனில் உள்ள பெரிய கடையை விட்டால்தான் 1க்கு இறங்குகிறது.

இனி சிறுதானியம். இதில்தான் என் நம்பிக்கை எல்லாம். 2022 ஆவணியில் 12இல் மூன்று கடையில்தான் இந்த அப்பளமே இருந்தது, எல்லார் சரக்கும் சேர்த்து 40 கிலோ. இப்போது ஒன்பது கடையில் 130 கிலோ. கிலோவிலேயே 48 சதவீத வளர்ச்சி! இதற்காவது டிரையர் வாங்கலாம் அல்லவா?

ஜங்ஷன் ஏஜென்சி

மா, நான் ஜங்ஷனில் ஏஜென்சி வைத்து 15 வருஷமாகப் பாக்கெட் சரக்கு போடுகிறேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. 130 கிலோ என்பது கடைக்குள் போன சரக்கா, கடையை விட்டு வெளியே போன சரக்கா? புதுச் சரக்கை எந்தக் கடையிலும் வைத்துவிடலாம். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அண்ணாச்சி சந்தோஷமாக அடுக்கி வைப்பார். மூன்று மாதம் கழித்து ரிட்டர்ன் வரும், அதை யாரும் நோட்டில் சேர்ப்பதில்லை. ரிட்டர்னைக் கழித்தீர்களா?

கல்லிடை அப்பளவீடு

இல்லை அண்ணாச்சி. இப்போது என் ரிட்டர்ன் சீட்டுகளைத் தேடி எடுத்தேன். புதுக் கடை ஆறிலும் சேர்த்து அந்த மாதச் சரக்கில் 22 கிலோ திரும்பி வந்திருக்கிறது. பழைய மூன்று கடையில் ரிட்டர்ன் இல்லை.

கழித்தால் மொத்தம் 108. 40இலிருந்து 108 என்றால் 39 சதவீதம். அப்புறம் பழைய மூன்று கடையை மட்டும் தனியாகப் பார்த்தேன். 40 கிலோ 52 கிலோ ஆகியிருக்கிறது. அது வெறும் 9 சதவீதம். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கணக்குப்பிள்ளை

இதில் மனசு விடுவதற்கு ஒன்றுமில்லை, இரண்டும் நிஜமான எண்கள்தான். வேறு வேறு கேள்விக்குப் பதில், அவ்வளவே. 9 என்பது, ஏற்கெனவே இந்தச் சரக்கு கிடைத்த இடத்தில் தேவை எவ்வளவு ஏறுகிறது என்பது. 39 என்பது, புதுக் கடைகளில் முதன்முறையாக வைத்ததையும் சேர்த்தது. புதுக் கடையில் வைப்பது ஓரளவுக்கு நிஜச் சந்தைதான், அங்கேயும் மனிதர்கள் வாங்குகிறார்கள். ஆனால் கடை எண்ணிக்கை மூன்றிலிருந்து ஒன்பதாக ஒரு தரம்தான் ஏறும். அடுத்த மூன்று வருடத்தில் இதே 12 கடை 27 கடை ஆகாது.

108இல் உங்கள் சரக்கு எவ்வளவு?

கல்லிடை அப்பளவீடு

ரிட்டர்ன் போக 85. அடுத்தவர் 15, இன்னொருவர் 8. ஒப்பிட்ட பங்கு 5.7 வருகிறது.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் அந்தச் சின்னக் குளத்தில் முக்கால்வாசித் தண்ணீர் நீங்கள்தான். சந்தை வளர்ச்சி என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் சொந்த உழைப்பின் நிழல். சும்மா வந்தவன் தம்பி முதலில் கேட்ட கேள்வி இங்கே வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது.

இந்த மாதிரி இடத்தில் புள்ளி வைக்காதீர்கள், கோடு இழுங்கள். சிறுதானியத்துக்கு 9இலிருந்து 39 வரை ஒரு நெட்டுக்கோடு. உளுந்துக்கு 1இலிருந்து 4 வரை குட்டைக்கோடு. கேள்வி ஒன்றுதான்: அந்தக் கோடு உயர்வு தாழ்வைப் பிரிக்கும் எல்லையைத் தாண்டி இரண்டு பக்கமும் கால் வைக்கிறதா? வைக்காவிட்டால் எண் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கட்டம் மாறாது, மேற்கொண்டு அலைய வேண்டாம்.

மேலரதவீதி

சிறுதானியம் 9இலிருந்து 39 என்றால் 10 கோட்டைத் தாண்டித்தானே நிற்கிறது? அப்போது கட்டம் நிச்சயமில்லை.

கணக்குப்பிள்ளை

தம்பி, அந்த 10 கல்லில் பொறித்ததல்ல. பாடத்தில் வருவது, அதுவும் பெரும்பாலும் ரூபாய் வளர்ச்சிக்குப் பழகிப்போன எண். நாம் விலையைக் கழித்துவிட்டோம், கோட்டையும் கீழே இறக்காவிட்டால் நியாயமில்லை. எங்கே இறக்குவது என்பதற்கு அவரவர் முற்றமே பதில் சொல்லும். தங்கச்சி, இப்போது மாதம் மொத்தம் எத்தனை கிலோ காயவைக்கிறீர்கள்? இருக்கும் இடத்தில் அதிகபட்சம் எவ்வளவு முடியும்?

கல்லிடை அப்பளவீடு

உளுந்து 600, சிறுதானியம் 85, வடகம் 115. ஆக 800. வெயில் காலத்தில் முற்றமும் மொட்டைமாடியும் சேர்த்து 960 வரை முடியும். கடன் மூன்று வருடத்துக்கு.

கணக்குப்பிள்ளை

960 ஐ 800 ஆல் வகுத்தால் 1.2. மூன்று வருடத்துக்கு அதன் வருட விகிதம் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. அதாவது சந்தை எல்லாம் 6க்குக் கீழே வளர்ந்தால், பங்கைக் காப்பாற்றிக்கொள்ளப் புது முதல் தேவையில்லை. மேலே போனால் தேவை. உங்களுக்கு உயர்வு தாழ்வு எல்லை அதுதான். உளுந்து அதற்குக் கீழே முழுதாக, சிறுதானியம் அதற்கு மேலே முழுதாக. இரண்டுக்கும் கட்டம் முடிவாகிவிட்டது.

வடகம்?

கல்லிடை அப்பளவீடு

வடகத்துக்கு ஐந்து கடையில்தான் இரண்டு ஆவணிக்கும் நோட்டு இருக்கிறது. ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தால் மைனஸ் 3இலிருந்து 9 வரை போகிறது. வீட்டில் போட்டுத் தெருவில் விற்பவர்களை எண்ணவே முடியாது. இது எல்லையைத் தாண்டி இரண்டு பக்கமும் நிற்கிறது, இல்லையா?

பத்தமடைப் பாய்

எங்கள் வீட்டிலும் வடகம் வாங்குவதில்லை, ஆச்சி போடுவார். சித்திரை வெயிலில் மாடி முழுக்க அதுதான்.

கணக்குப்பிள்ளை

ஆச்சி வடகமும் சந்தைதான், விற்பனைக்கு வராத சந்தை. அதை இப்போது எண்ண வேண்டாம். வடகம் எந்தக் கட்டத்தில் விழுந்தாலும் அதற்காக மட்டும் நீங்கள் கடன் வாங்கப்போவதில்லை. எல்லைமேல் நிற்கிறது என்றே வைத்துவிடலாம்.

கல்லிடை அப்பளவீடு

அண்ணாச்சி, ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். எங்கேயோ இடிக்கிறது, பாருங்கள்.

சிறுதானியம் உயர் வளர்ச்சிக் கட்டத்தில் உறுதி என்று சொன்னீர்கள். ஆனால் அது வெறும் 85 கிலோ. 9 சதவீதமாக வளர்ந்தால் மூன்று வருடத்தில் 110, அதாவது 25 கிலோதான் கூடும். உளுந்து இரண்டரை சதவீதத்தில் 46 கிலோ கூடும். சேர்த்து 71. எனக்குக் கைவசம் 160 கிலோவுக்கு இடம் இருக்கிறது. டிரையரே வேண்டாம்.

39 சதவீதமாக வளர்ந்தால் 85 கிலோ 229 ஆகும். கூடுவது 144. உளுந்தின் 46 சேர்ந்தால் 190. அப்போது இடம் போதாது, டிரையர் வேண்டும்.

கட்டம் மாறவில்லை, கடன் முடிவு மட்டும் தலைகீழாக மாறுகிறது. அப்படியென்றால் கோடு எல்லையைத் தாண்டாவிட்டால் அலைய வேண்டாம் என்று சொன்னது?

கணக்குப்பிள்ளை

நீங்கள் என்னைப் பிடித்துவிட்டீர்கள். கட்டத்தைப் பற்றி நான் சொன்னது சரி, கடனைப் பற்றி அது போதாது. கட்டத்தில் ஒவ்வொரு சரக்கையும் ஒரு வட்டமாகப் போடுவார்கள், வட்டத்தின் அளவு விற்பனையின் அளவு. அதை நான் சொல்லாமல் விட்டேன். உங்கள் சிறுதானிய வட்டம் ஒரு புளியங்கொட்டை, உளுந்து ஒரு தாம்பாளம். 6 சதவீத எல்லை மொத்த முற்றத்துக்குச் சரி, ஒரு சின்னச் சரக்கு மட்டும் தாண்டினால் முற்றம் நிரம்பாது.

உங்கள் கேள்வியை இப்படித் திருப்பிப் போடலாம்: சிறுதானியம் எவ்வளவு வளர்ந்தால் 160 நிரம்பும்? உளுந்துக்கு 46 போனால் மீதி 114. 85 ஐ 199 ஆக்க வேண்டும். வருடம் ஏறக்குறைய 33 சதவீதம். வடகமும் தன் உச்சமான 9இல் வளர்ந்து 34 கிலோ தின்றால், சிறுதானியம் 25 சதவீதம் வளர்ந்தாலே நிரம்பிவிடும். ஆக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த 12 கடையில் சிறுதானிய அப்பளம் மூன்று வருடம் தொடர்ந்து 25, 33க்கு மேல் ஓடுமா?

மேலரதவீதி

இடையில் ஒன்று சேர்க்கிறேன். 2023ஐ ஐநா சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. ரேஷன் கடையிலிருந்து கல்லூரி கேன்டீன் வரை அதே பேச்சு. 2022இலிருந்து 2025 வரை எடுத்தால் அந்த ஆரவாரம் நடுவில் இருக்கிறது. ஏற்றம் எல்லாம் 2023இலேயே முடிந்திருந்தால், இரண்டு முனையை மட்டும் வைத்துப் போட்ட வருட விகிதம் அதைக் காட்டாது. நான் முதலில் சொன்னபடி சராசரி போட்டு நடு வருடங்களை நிரப்பியிருந்தாலும் தெரிந்திருக்காது, நேர்கோடுதான் வந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை

அருமை தம்பி. நடு நோட்டு ஏதாவது இருக்கிறதா?

கல்லிடை அப்பளவீடு

2024 ஆவணி நான்கு கடையில் மட்டும் இருக்கிறது. அந்த நான்கிலும் சிறுதானியம், ரிட்டர்ன் போக, 2024இல் 60 கிலோ, 2025இல் 66. பத்து சதவீதம்.

கணக்குப்பிள்ளை

நான்கு கடைதான், ஆனால் 108இல் 66 கிலோ அங்கேதான் போகிறது. லேசான சாட்சியம் அல்ல. கடந்த வருடத்து வேகம் 39க்குப் பக்கத்தில் இல்லை, 9க்குப் பக்கத்தில் இருக்கிறது. நானாக இருந்தால் அறிக்கையில் சிறுதானியத்துக்கு நெட்டுக்கோடு இழுத்து, கீழ்முனைப் பக்கம் நிழல் கொடுத்து, டிரையர் தேவை இந்த எண்ணுக்கு மேல் போனால் என்று வெளிப்படையாக எழுதிவிடுவேன்.

சும்மா வந்தவன்

இப்படி எழுதினால் வங்கி எப்படிக் கடன் கொடுக்கும்? மூன்று நட்சத்திரம் என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே!

ஜங்ஷன் ஏஜென்சி

கொடுத்தால் கட்ட வேண்டியது யாரு தம்பி?

மா, இன்னொரு விஷயம். நீங்கள் சொன்ன 12இல் சூப்பர் மார்க்கெட் ஒன்றுகூட இல்லை. பாளையிலும் வண்ணார்பேட்டையிலும் ஜனம் அங்கேதான் போகிறது. கம்பெனி அப்பளப் பாக்கெட் அங்கே எவ்வளவு போகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். அதைச் சேர்த்தால் உளுந்தில் உங்களுக்கு அடுத்தவர் 420 கிலோக்காரர் இல்லை, உங்களைவிடப் பெரிய ஆள் இருப்பார். 1.43 ஒன்றுக்குக் கீழே போய்விடும்.

கல்லிடை அப்பளவீடு

அப்போது உளுந்து கறவை மாடு இல்லையா? நாயா? எங்கள் வீட்டுச் சோறே அதிலிருந்துதான் வருகிறது.

கணக்குப்பிள்ளை

வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்தது. மளிகைக் கடையில் உதிரியாக எடை போட்டு வாங்குபவரும் சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் எடுப்பவரும் ஒரே ஆளா? மளிகைக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தவர் அங்கே மாறிப்போகிறார் என்றால் ஒரே சந்தை. இல்லை, கல்யாணச் சமையல்காரர்தான் உங்கள் முக்கிய வாடிக்கை என்றால் வேறு சந்தை. பத்தமடை நண்பரின் கேள்விதான் இது. என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. உளுந்து 1இலிருந்து 4க்குள் வளர்கிறது என்பதுகூட இந்த 12 கடைக்குத்தான். ஜனம் அந்தப் பக்கம் போவதால்தான் இங்கே மெதுவாக இருக்கிறதோ என்னவோ.

ஜங்ஷன் ஏஜென்சி

சூப்பர் மார்க்கெட்டில் கணக்குக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். ஆனால் அலமாரியில் எந்தப் பாக்கெட் எத்தனை வரிசை என்று வாரத்துக்கு ஒரு தரம் எண்ணலாம். வரிசை காலியாகிற வேகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நான் சரக்கு போடும் இரண்டு இடத்தில் பையனை விட்டு எண்ணச் சொல்கிறேன்.

மேலரதவீதி

வரிசை எண்ணிக்கை விற்பனை ஆகாதே. அலமாரிக்கு வாடகை கொடுத்து இடம் பிடிக்கிறார்கள்.

ஜங்ஷன் ஏஜென்சி

அதனால்தான் காலியாகிற வேகம் என்றேன், வரிசையை மட்டும் சொல்லவில்லை.

கல்லிடை அப்பளவீடு

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டது வேறு: "ஐப்பசி, கார்த்திகையில அப்பளம் காயாம நமத்துப்போகுதே, அதுக்கு டிரையர் வேண்டாமா?" இந்தக் கட்டத்தில் மழைக்கு இடமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 960 கிலோ என்பது வெயில் கணக்கு. அடைமழையில் 500 கூட வராது, ஆட்கள் சும்மா இருப்பார்கள், கடைக்காரர் வேறு சரக்குக்கு மாறுவார்.

அறிக்கை எழுதுபவரிடம் கட்டத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். உளுந்து குட்டைக்கோடு, சிறுதானியம் நெட்டுக்கோடு, வடகம் எல்லைமேல். டிரையரை வளர்ச்சிக்கு என்று எழுதாமல், மழை மாத இழப்புக்கு என்று தனிக் கணக்காகப் போடலாமா என்று பார்க்கிறேன். அதற்குப் போன மூன்று மழைக்கால நோட்டு வேண்டும், அதில் ஒன்று வெள்ள வருடம்.

கணக்குப்பிள்ளை

வெள்ள வருடத்தைத் தனியாக வையுங்கள், சராசரியில் கலக்க வேண்டாம். மற்ற இரண்டையும் போட்டுக் காட்டுங்கள், பார்ப்போம்.

ஜங்ஷன் ஏஜென்சி

என்னிடம் 2022, 2024 கார்த்திகை நோட்டு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கடைக்கு வாங்க மா, மதியத்துக்கு மேல் கூட்டம் இருக்காது.